நீல ட்ரம்மும் அம்மிக்கல்லும்: ஒரு குடும்பப் படத்தில் லேயர் மாஸ்க்

சோழவந்தானில் ஒரு வீட்டுத் தாத்தாவுக்குச் சதாபிஷேகம். மதுரையிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பிப் போயிருந்தேன். சடங்கு முடிந்ததும், பந்திக்கு உட்காருவதற்கு முன்னால், திண்ணையை ஒட்டி மொத்தக் குடும்பத்தையும் நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். 23 பேர். பதினெட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் பிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டப்போகும் படம் அது.

வீடு வடக்கு பார்த்தது. ஒன்பதரை மணி வெயில் படத்தின் இடப்பக்கமிருந்து சாய்வாக விழுந்தது. சுண்ணாம்பு அடித்த சுவர், திண்ணையின் முகப்பில் காவியும் வெள்ளையுமாகப் பட்டைகள், எல்லாம் அழகாகத்தான் இருந்தன. வலது ஓரத்தில், சின்னத் தாத்தா நின்ற இடத்துக்குப் பக்கத்தில், 200 லிட்டர் நீல பிளாஸ்டிக் ட்ரம் ஒன்று மட்டும் நின்றது. நிறையத் தண்ணீர். நகர்த்த நாலு பேர் வேண்டும். இருந்த ஆண்கள் எல்லோரும் பட்டு வேட்டியில் இருந்தார்கள். "இருக்கட்டும், அப்புறம் எடுத்துக்குவோம்" என்று நானே சொல்லிவிட்டேன். அந்த "அப்புறம்" எனக்கு ஒன்றரை நாள் வேலை வைத்தது. அது எப்படிப் போனது, எங்கே நான் தப்பு செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏன் அழிக்கவில்லை

தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்தது ஒன்றுதான். படத்தைப் போட்டோஷாப்பில் திறந்து, ஓரிடத்துப் பிக்சலை இன்னோரிடத்தில் பதிக்கும் குளோன் ஸ்டாம்ப்பை எடுத்து, மூலப்படத்தின் மேலேயே தேய்த்து, அதே பெயரில் JPG-ஆக சேமித்துவிடுவேன். ஒரு கல்யாண ஆல்பத்தில் அப்படித் தேய்த்ததில் மணப்பெண்ணின் வளையல் பாதி போய்விட்டது. மெமரி கார்டையும் அதற்குள் அழித்திருந்தேன். அந்த வளையலை இன்றுவரை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. குளோன் ஸ்டாம்ப் மேல் தப்பில்லை. அடியில் இருந்த பிக்சலின் மேலேயே வேறு பிக்சலை எழுதி மூடினேன், அதுதான் தப்பு.

லேயர் மாஸ்க் பிக்சலைத் தொடுவதில்லை. படத்தின் மேல் தாள் தாளாக அடுக்கும் லேயர்களில் ஒன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கறுப்பு வெள்ளைப் படம் என்று அதை நினைத்துக்கொள்ளலாம். மாஸ்க்கில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் அந்த லேயர் தெரியும், கறுப்பாக இருக்கும் இடத்தில் மறையும், சாம்பலாக இருந்தால் அரைகுறையாகத் தெரியும். மறைந்தது அங்கேயேதான் இருக்கிறது. கறுப்பை வெள்ளையாக்கினால் திரும்பி வந்துவிடும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ட்ரம் உள்ள படத்துக்கே மாஸ்க் போட்டு, ட்ரம்மின் மேல் கறுப்பு அடிப்பார்கள். ட்ரம் போய்விடும், ஆனால் அந்த இடத்தில் சுவர் வராது. சதுரம் சதுரமாக வெற்றிடம்தான் தெரியும். ட்ரம்முக்குப் பின்னால் இருந்த சுவரைக் கேமரா பார்க்கவே இல்லையே! அங்கே காட்டுவதற்குச் சுவரை நாம்தான் வேறெங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். அதனால் நான் தலைகீழாகச் செய்வேன். மூலப்படம் அடியில் பூட்டியபடியே இருக்கும். மேலே ஒட்டுத்துண்டுகள் ஒரு குரூப்பாக இருக்கும். மாஸ்க் அந்தக் குரூப்புக்கு. மாஸ்க் முழுக்கக் கறுப்பாகத் தொடங்கும், அதாவது ஒட்டு எதுவும் தெரியாது. ட்ரம் இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளை அடித்தால் ஒட்டு வெளியே வந்து ட்ரம்மை மூடும். போட்டோஷாப்பில் Alt-ஐ அழுத்திக்கொண்டு மாஸ்க் பொத்தானைத் தட்டினால் இப்படிக் கறுப்பு மாஸ்க் நேரடியாகவே கிடைக்கும்.

ஒவ்வொரு ஒட்டுக்கும் தனி மாஸ்க் போதாதா, குரூப்புக்கு எதற்கு என்று கேட்கலாம். ட்ரம்முக்கும் சின்னத் தாத்தாவின் வேட்டிக்கும் நடுவிலான விளிம்புதான் இந்தப் படத்தில் கடினமான கோடு. அதை ஒரே ஒரு முறை வரைந்தால் போதும் என்ற நிலை வேண்டும். உள்ளே சுவர்த் துண்டு, பட்டைத் துண்டு, தரைத் துண்டு என்று மூன்று இருந்தன. அவை தாறுமாறான விளிம்போடு கிடந்தாலும் பரவாயில்லை, வெளி எல்லையைக் குரூப்பின் மாஸ்க் பார்த்துக்கொள்ளும்.

சுவரைக் கொண்டுவருதல்

ட்ரம் சுமார் 600 பிக்சல் அகலம் இருந்தது. திண்ணையின் இடது கோடியில் ஆள் மறைக்காத சுவரும் பட்டையும் கொஞ்சம் இருந்ததால் அதைத் தேர்ந்தெடுத்து Ctrl+J அடித்துத் தனி லேயராக எடுத்தேன். வலது கோடிக்கு நகர்த்தும்போது கண்ணாடி பார்ப்பதுபோல் இடம் வலம் மாற்றத் தோன்றும், திண்ணையின் கோணம் அப்போதுதான் பொருந்தும். மாற்றினேன். உடனே ஏதோ சரியில்லை என்று பட்டது, என்னவென்று பிடிபட ஐந்து நிமிடம் ஆனது. சுவரின் சின்னச் சின்ன மேடு பள்ளங்களுக்கு வெயில் வலதுபக்கமிருந்து விழுந்துகொண்டிருந்தது! மற்ற எல்லாவற்றுக்கும் இடதுபக்கம். பழைய சுண்ணாம்புச் சுவர் வழவழப்பாக இருக்காது. ஒளி எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொரு பொக்கும் சொல்லும். மாற்றியதைத் திருப்பி, கோணத்தை Free Transform வைத்து இழுத்துச் சரிசெய்தேன்.

இன்னொன்று வெளிச்சம். இடது கோடி நல்ல வெயிலில் இருந்தது, வலது கோடி கொஞ்சம் மங்கல். ஒட்டுக்கு மேல், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு Curves லேயரைப் போட்டு, Ctrl+Alt+G வைத்து அந்த ஒட்டோடு மட்டும் கட்டிவிட்டேன். அதன் கோட்டைக் கீழே இழுத்தபோது இரண்டு சுவரும் ஒரே நிறத்துக்கு வந்தன.

பட்டைகளில் ஒரு சிக்கல் இருந்தது. காவி அடித்தவர் தூரிகையைத் தூக்கும்போது ஒரு சொட்டு வழிந்து காய்ந்திருந்தது. நான் கொண்டுவந்த துண்டில் அந்தச் சொட்டும் சேர்ந்து வந்துவிட்டது. ஒரே வடிவச் சொட்டு இடது கோடியிலும் வலது கோடியிலும்! பார்க்கிறவர் காரணம் சொல்ல மாட்டார், ஆனால் படம் பொய்யாக இருக்கிறது என்று அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். குரூப்புக்குள்ளேயே ஒரு வெற்று லேயர் திறந்து, குளோன் ஸ்டாம்ப்பின் Sample பெட்டியில் Current & Below வைத்து, வலதுபக்கச் சொட்டை மட்டும் அந்த வெற்று லேயரில் மூடினேன். ஸ்டாம்ப் தேவைப்படும் இடம் இதுதான். கீழே இருப்பது எதையும் அது தொடவில்லை.

வேட்டியின் விளிம்பு

பிரஷ்ஷை எவ்வளவு மிருதுவாக வைப்பது? இதற்கு ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் எல்லோருக்கும் வசதிதான், ஆனால் அந்தப் படத்திடமே கேட்பதுதான் சரி. படத்தை 100%-ல் வைத்து, நான் தொடாத வேறொரு விளிம்பைப் பார்த்தேன். இடதுபக்கம் நிற்கும் பேரனின் வேட்டி சுவரோடு சேரும் கோடு. அங்கே வெள்ளையிலிருந்து சுவரின் நிறத்துக்கு மாற இரண்டு மூன்று பிக்சல் ஆகிறது. என் மாஸ்க் விளிம்பும் அதே அளவுக்குத்தான் மங்க வேண்டும். இந்தப் படத்துக்குச் சின்ன பிரஷ், 80% கடினம் ஒத்துவந்தது. முழு மிருதுவான பிரஷ்ஷில் அடித்திருந்தால் வேட்டியைச் சுற்றி நீலமாக ஒரு புகை நின்றிருக்கும். முழுக் கடினமாக அடித்திருந்தால் தாத்தாவைக் கத்தரியால் வெட்டி ஒட்டியதுபோல் இருந்திருக்கும்.

ஒரு முழம் நீள விளிம்பு. அதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஜரிகைக் கரை வளையும் இடத்தில் வேட்டியையும் கொஞ்சம் தின்றுவிட்டேன். X விசையைத் தட்டி நிறத்தை மாற்றி, கறுப்பு அடித்ததும் கரை திரும்பி வந்துவிட்டது. தப்பு செய்யப் பயமில்லாததால்தான் அவ்வளவு ஒட்டிப்போய் வரைய முடிகிறது.

மாதிரிப் பிரிண்ட் வந்தபோது வேறொரு தப்பு தெரிந்தது. சுவரில், ட்ரம் இருந்த இடத்தில், மெலிதாக ஒரு நீல வட்டம். திரையில் கண்ணுக்குத் தெரியாதது தாளில் தெரிந்தது. நான் பேனா டேப்லெட்டில் வேலை செய்கிறேன். அழுத்தத்துக்கு ஏற்ப அடர்த்தி மாறும் வசதி முடுக்கியபடியே இருந்திருக்கிறது. கை லேசாகப் பட்ட இடங்களில் மாஸ்க் முழு வெள்ளையாகாமல் வெளிர் சாம்பலாக நின்றுவிட்டது, அதன் வழியே ட்ரம் எட்டிப்பார்த்தது. இதைக் கண்டுபிடிக்க வழி சுலபம். Alt-ஐ அழுத்திக்கொண்டு மாஸ்க்கின் சின்னப் படத்தைத் தட்டினால் மாஸ்க் மட்டும் திரை முழுக்க வரும். சுத்தமான வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் அழுக்குத் திட்டுத் திட்டாக இருந்தது. மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து Ctrl+L அடித்து, Levels-ல் வலதுபக்க முக்கோணத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளியதும் சாம்பல் எல்லாம் வெள்ளைக்கு ஏறிவிட்டது. விளிம்பு கொஞ்சம் கடினமாகும் என்பதால் அளவோடு தள்ள வேண்டும். இப்போதெல்லாம் பிரிண்டுக்கு அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு மாஸ்க்கையும் இப்படித் திறந்து பார்க்காமல் விடுவதில்லை.

ட்ரம் போன பிறகும் ட்ரம் இருந்தது

ட்ரம்மை மறைத்தாயிற்று. படத்தைக் காலையில் புதுக்கண்ணோடு பார்த்தபோது, ட்ரம் இன்னும் அங்கேதான் இருந்தது. வலதுபக்கத் தரையில் அதன் நிழல் கிடந்தது. வேட்டியில் அதன் நிறம்.

நிழலுக்குத் தரைத் துண்டை நீட்டி மூடினேன். இதற்கு விளிம்பு மிருதுவாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் நிழலின் விளிம்பே மிருதுவானது. அங்கே கரடுமுரடாக ஏதோ ஒரு கருங்கல் கட்டி கிடந்தது. அதையும் சேர்த்து மூடிவிட்டேன். இதற்குத் திரும்ப வருகிறேன்.

நிறம்தான் சுவாரசியமானது. வெயில் பட்ட நீல ட்ரம் தன் நீலத்தை சுற்றிலும் வீசும். சின்னத் தாத்தாவின் வேட்டியில் வெயில் படாத வலதுபக்க மடிப்புகள் அதை வாங்கிக்கொண்டு சலவை நீலம் அதிகமாகப் போட்டதுபோல் நின்றன. ட்ரம் இருந்தபோது யாருக்கும் தோன்றாது. ட்ரம் இல்லாதபோது, இவர் வேட்டி மட்டும் ஏன் நீலம் என்று கேட்கத் தோன்றும். குரூப்புக்கு மேலே ஒரு Hue/Saturation லேயர் திறந்து, Blues-ஐ மட்டும் எடுத்து நிறச்செறிவை 60 குறைத்தேன். அதன் மாஸ்க்கைக் கறுப்பாக்கி, பெரிய மிருதுவான பிரஷ்ஷில், Flow 20%-ல், மடிப்புகளின் மேல் வெள்ளையைத் தடவித் தடவி ஏற்றினேன். விளிம்பில் செய்ததற்கு நேர் எதிரான கைவேலை இது. அங்கே சாம்பல் வரக்கூடாது, இங்கே சாம்பல்தான் வேண்டும்.

முழுக்க எடுத்துவிடவும் கூடாது. நிழலில் இருக்கும் வெள்ளைத் துணிக்கு வானத்தின் நீலம் கொஞ்சம் உண்டு, மற்றவர்கள் வேட்டியிலும் அது இருந்தது. முதல் முறை நான் முழுவதையும் துடைத்ததில் சின்னத் தாத்தாவின் வேட்டி மட்டும் மூன்று நாள் கட்டியதுபோல் மஞ்சளடைந்து தெரிந்தது. பக்கத்தில் நின்றவரின் வேட்டியோடு ஒப்பிட்டுக் கறுப்பை மேலே தடவிக் குறைத்துக்கொண்டேன்.

"எங்கம்மா அம்மி எங்க தம்பி?"

JPG-யை வாட்ஸப்பில் அனுப்பினேன். எல்லோரும் கைகூப்பி, பூப்போட்டுப் பதில் அனுப்பினார்கள். மறுநாள் அந்த வீட்டு மூத்த அத்தையிடமிருந்து போன்.

"படம் நல்லாருக்கு தம்பி. ஆனா அங்கிட்டு எங்கம்மா அம்மி இருந்துச்சே, அதக் காணோமே?"

"எங்கத்த?"

"ட்ரம்முக்குப் பின்னாடி. மூலையில. எங்கம்மா அரைச்ச அம்மிப்பா அது. அத ஏன் எடுத்தீக?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் கருங்கல் கட்டி என்று நினைத்து மூடியது அம்மி. ட்ரம்மின் நிழலுக்குள் கிடந்ததால் வடிவமே தெரியவில்லை, குழவி மேலே கிடந்ததையும் நான் கவனிக்கவில்லை. எது இடைஞ்சல், எது இல்லை என்று முடிவு செய்தது நான். அந்த வீட்டில் பிறந்தவன் இல்லையே நான்.

பழைய முறையில் செய்திருந்தால் முழுவதையும் முதலிலிருந்து ஆரம்பித்திருப்பேன். இப்போது குரூப்பின் மாஸ்க்கைத் திறந்து, அம்மி இருந்த இடத்தில் கறுப்பு அடித்தேன். ஒட்டு விலகியதும் அம்மி வந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஆனால் வந்த அம்மி இரண்டு விதத்தில் குறையோடு வந்தது. மாஸ்க்கின் எல்லை என்ன என்பதை இந்த இடம் காட்டுவதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

முதல் குறை, அம்மியின் இடதுபக்கம் கால் பங்கு இல்லை. ட்ரம் அதை மறைத்துக்கொண்டிருந்தது. கேமரா பார்க்காததை எந்த மாஸ்க்கும் கொடுக்காது. சுவரைப்போல் பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டவும் முடியாது, அந்த வீட்டில் அம்மி ஒன்றுதான். நல்லவேளையாக, ஆட்கள் வந்து நிற்பதற்கு முன் வெளிச்சம் பார்க்க ஒரு சோதனைப் படம் எடுத்திருந்தேன். அப்போது இரண்டடி வலப்பக்கம் தள்ளி நின்றிருக்கிறேன். வலப்பக்கம் நகர்ந்தால் முன்னால் இருக்கும் ட்ரம் பின்னால் இருக்கும் அம்மியை விட்டு இடப்பக்கம் விலகும். அந்தப் படத்தில் அம்மி கிட்டத்தட்ட முழுசாகத் தெரிந்தது. அதிலிருந்து இடதுபக்கத்தை எடுத்து, குரூப்புக்கு மேலே தனி லேயராக வைத்து, கறுப்பு மாஸ்க் போட்டு, இரண்டும் சேரும் இடத்தைக் கல்லில் இருந்த ஒரு கொத்துத் தழும்பின் ஓரமாகக் கொண்டுபோனேன். கொத்து வைத்த கல் என்பதால் புள்ளிக்குப் புள்ளி பொருந்த வேண்டியதில்லை. தழும்பு இணைப்பை விழுங்கிவிட்டது.

இரண்டாவது குறை, அம்மி இருட்டாக இருந்தது. அதன் மேல் விழுந்திருந்தது ட்ரம்மின் நிழல். இப்போது ட்ரம்மும் இல்லை, தரையில் நிழலும் இல்லை, சுற்றிலும் வெயில், நடுவில் அம்மி மட்டும் நிழலில்! மறைத்த பொருளோடு சேர்ந்து மறைய வேண்டியவற்றை அம்மியின் மேலும் தேட வேண்டியிருந்தது. அம்மிக்கு மட்டும் ஒரு Curves, தூக்கினேன், நிறத்தைக் கொஞ்சம் மஞ்சளுக்குத் தள்ளினேன். அம்மிக்கு வலதுபக்கம் தரையில் அதற்கே உரிய சிறு நிழல் விழ வேண்டும், இல்லாவிட்டால் மிதக்கும். அதற்கு இன்னொரு Curves, கீழே இழுத்தது, மாஸ்க்கில் ஒரு கோணல் வெள்ளைத் திட்டு. சின்னத் தாத்தாவின் செருப்பு நிழல் எந்தப் பக்கம், எவ்வளவு கறுப்பு என்று பார்த்து அதே அளவு வைத்தேன். இருட்டைத் தூக்கியதில் கல்லில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வந்தது. அம்மியில் அது தெரியவில்லை. முகத்தில் வந்திருந்தால் விட்டிருக்க முடியாது.

சேமித்தது

எல்லா ஒட்டுகளையும் திருத்தங்களையும் ஒரே பெரிய குரூப்பில் போட்டு PSD-யாக வைத்திருக்கிறேன். அதன் கண் குறியை அணைத்தால் மூலப்படம். மாஸ்க்கை Shift அழுத்தித் தட்டினாலும் இதே ஆகும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆகாது. அது மாஸ்க்கை மட்டும் அணைக்கும், அப்போது ஒட்டுத்துண்டுகள் தாறுமாறான விளிம்போடு முழுசாக வெளியே வந்து நிற்கும். வலது கிளிக்கில் வரும் Apply Layer Mask பக்கம் போகவே கூடாது. மறைந்திருந்த பிக்சலை அது உண்மையிலேயே வெட்டி எறிந்துவிடும், மாஸ்க் போட்டதன் பலனே போய்விடும். Flatten செய்து அதே பெயரில் சேமிப்பதும் அப்படித்தான். பிரிண்டுக்கான 5400-க்கு 3600 பிக்சல் JPG-யைத் தனிப் பெயரில்தான் எடுத்தேன். ஜிம்ப்பில் வேலை செய்கிறவர்களுக்கும் மாஸ்க்கின் கறுப்பு வெள்ளைக் கணக்கு இதேதான், சேமிப்பது PSD-க்குப் பதில் XCF.

பிரேம் போட்டு சோழவந்தானுக்கு எடுத்துப்போனபோது அத்தை முதலில் முகங்களைப் பார்க்கவில்லை, வலது மூலையைத்தான் பார்த்தார். "குழவிகூட இருக்கு" என்றார். சின்னத் தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார்.

"ஏம்ப்பா, இங்கன ஒரு ட்ரம் இருந்துச்சே? போன மாசந்தான் வாங்குனேன்."

லேப்டாப்பைத் திறந்து அந்தக் கண் குறியை அணைத்துக் காட்டினேன். ட்ரம், நிழல், நீல வேட்டி எல்லாம் அப்படியே வந்து நின்றன. "இருக்குல்ல, சரி" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பிடிக்கப் போனார்.